அந்த எண் எதை எண்ணுகிறது?

சென்ற மழைக்காலத்தில் ஒரு முற்பகல் வேளையில், அம்பாசமுத்திரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஆச்சி ஒருவரை ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். வயது அறுபத்து மூன்று. உடல் முழுவதும் வியர்வை, கைகள் நடுங்கின, பெயரைக் கேட்டால் தயங்கித் தயங்கிச் சொன்னார். விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 46 என்று காட்டியது. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே அது தாழ்சர்க்கரை. குளுக்கோஸ் ஏற்றிய சிறிது நேரத்தில் ஆச்சி எழுந்து உட்கார்ந்தார். உடன் வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மாத்திரையை எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று எங்கள் செவிலியர் கேட்டார். ஆச்சி இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து, நான்காக மடித்த மருந்துச்சீட்டை எடுத்து நீட்டினார்.

“சீட்டுல உள்ளபடிதான் போட்டேன் தாயி. ஒண்ணு, கோடு, ரெண்டுன்னு எழுதியிருக்குல்லா. ஒண்ணும் போடலாம், ரெண்டும் போடலாம். நேத்து கல்யாண வீட்டுல பாயசம் சாப்ட்டேன். அதனால இன்னைக்கு ரெண்டு போட்டேன்.”

சீட்டில் இருந்தது 1/2 - 0 - 0. கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் மாத்திரையில் பாதியைக் காலை உணவுக்குச் சற்று முன் சாப்பிட வேண்டும் என்பது அதன் பொருள். அவருக்குத் தேவைப்பட்ட அளவு ஒரு மில்லிகிராம். ஒரு முழு மாத்திரை சாப்பிட்ட நாள்களில் அவர் உடலுக்குள் போனது அதைப் போல் இரு மடங்கு. அன்று காலை போனது நான்கு மடங்கு.

இதில் எங்களை உறுத்திய செய்தி ஒன்று உண்டு. அதுவரை அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் பள்ளியில் படிக்கும் பேரன். ஆச்சி மாலை நேர எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து, தம் பெயரையும் ஊரின் பெயரையும் நூறு வரையிலான எண்களையும் படிக்கக் கற்ற பிறகுதான், “இனி நானே பார்த்துப் போட்டுக்கிடுதேன்” என்று சீட்டைக் கையில் வாங்கினார். அவர் படிக்காமல் பிழை செய்யவில்லை. படித்துத்தான் பிழை செய்தார். ஒன்றையும் இரண்டையும் சரியாகவே படித்தார். நடுவில் இருந்த சாய்ந்த கோடு இன்னதென்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராத குறியீட்டைச் சீட்டில் எழுதியவர்கள் நாங்கள்.

வயது வந்தோர்க்கான எழுத்தறிவு வகுப்புகள் நம் பகுதிக்குப் புதியவை அல்ல. 1990களில் நெல்லை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. பிறகு தமிழ்நாட்டில் ‘கற்போம் எழுதுவோம்’ இயக்கம் வந்தது. 2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின்கீழ் 15 வயதைக் கடந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் கற்பித்து வருகிறார்கள். முடிவில் படித்தல், எழுதுதல், எண்ணறிவு ஆகிய மூன்றையும் சோதிக்கும் தேர்வு நடக்கிறது. இன்னொரு புறம், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. எழுத்தும் மாத்திரையும் ஒரே வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அவற்றைச் சந்திக்க வைக்கும் பொறுப்பு மருத்துவமனைகளாகிய எங்களுக்கும் உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

அந்த முற்பகலுக்குப் பிறகு, எங்கள் செவிலியர் ஒருவரும் மருந்தாளுநர் ஒருவரும் ஆச்சியின் வகுப்புக்கே சென்று சில மாலைகள் உட்கார்ந்தார்கள். அங்கே நாங்கள் கற்பித்ததைவிடக் கற்றது அதிகம்.

முதல் மாலை, வீட்டில் உள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துவரச் சொன்னோம். வந்தவர்களில் பெரும்பாலோர் பீடி சுற்றும் பெண்கள். ஒருவருடைய மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து, “இதில் உள்ள எண்களைப் படியுங்கள்” என்றோம். தடையில்லாமல் படித்தார். ஐந்நூறு; பத்து; ஒன்பது, இருபத்தைந்து; எட்டு, இருபத்தேழு; பிறகு ஒரு நீண்ட எண்; கடைசியில் விலை. “இவற்றில் எது மாத்திரையின் வலிமை? எது காலாவதி?” என்று கேட்டோம். அமைதி நிலவியது. ஐந்நூறு என்பது விலை என்று ஒருவர் சொன்னார். ஐந்நூறு நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்றார் இன்னொருவர்.

அப்போதுதான் எங்களுக்குப் பீடிக் கடையின் பாஸ் புத்தகம் நினைவுக்கு வந்தது. இலை எவ்வளவு கொடுத்தார்கள், தூள் எவ்வளவு, பீடி எத்தனை திரும்பி வந்தது என்று அதில் தனித்தனிக் கட்டங்களில் எழுதுவார்கள். இலைக் கட்டத்தில் 500 என்றிருந்தால் அது கிராம். பீடிக் கட்டத்தில் 500 என்றிருந்தால் அது எண்ணிக்கை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் பீடித் தொழிலாளி எவரும் இல்லை. குழப்பினால் கூலி போய்விடும். ஒரு எண்ணைக் கண்டால், “இது எதன் எண்?” என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை அவர்கள் எங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். மாத்திரை அட்டை என்பது கட்டம் போடாத பாஸ் புத்தகம், அவ்வளவுதான் வேறுபாடு.

ஆகவே கட்டம் போட்டுக் கொடுத்தோம். ஒரு அட்டையின் பின்புறத்தைப் பெரிதாகத் தாளில் வரைந்து, அதில் இரண்டு எண்களுக்கு மட்டும் வட்டமிட்டோம். முதலாவது, மருந்தின் பெயரையொட்டி நிற்கும் எண். அதன் பக்கத்தில் ‘எம்.ஜி.’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அது ஒரு மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் எடை. இரண்டாவது, ‘எக்ஸ்ப்’ என்று படிக்கத்தக்க மூன்று எழுத்துகளின் பக்கத்தில் உள்ள எண். அது காலாவதியாகும் மாதமும் ஆண்டும். 08/2027 என்றால் 2027ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் கடைசி நாள் வரை அந்த மாத்திரையைப் பயன்படுத்தலாம். எட்டாம் தேதி என்று அதற்குப் பொருள் இல்லை. தயாரிப்புத் தேதி, தொகுதி எண், விலை ஆகியவற்றைக் கட்டைவிரலால் மறைத்துவிடச் சொன்னோம். நோயாளி அன்றாடம் பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள் என்றதும் வகுப்பில் ஒரு தெம்பு வந்தது.

காலாவதித் தேதி அட்டையின் ஓர் ஓரத்தில் மட்டும் அச்சிடப்பட்டிருப்பதுண்டு. அந்த ஓரத்து மாத்திரையை முதலில் பிய்த்துவிட்டால், மீதி ஒன்பது மாத்திரைகளுக்கும் தேதி தெரியாமல் போகும். எனவே எதிர் ஓரத்திலிருந்து மாத்திரையை எடுத்துவரப் பழக வேண்டும். இதற்குப் படிப்பே தேவையில்லை. ஆயினும் படித்தவர்கள் வீட்டிலும் இது நடப்பதில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேதியை மையில்லாமல் வெறும் பள்ளமாக அழுத்தியிருக்கும் அட்டைகள் உள்ளன. கண்புரை உள்ளவருக்கு அது எந்த வகுப்பில் பயின்றாலும் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தும் தெரியவில்லை என்றால், அது எழுத்தறிவுக் குறை அன்று. கண்ணைக் காட்ட வேண்டிய நேரம்.

மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் அல்லவா இருக்கிறது, தமிழ் எழுத்தை இப்போதுதான் கற்றவர் அதை எப்படிப் படிப்பார் என்று கேட்கலாம். படிக்க வேண்டியதில்லை, ஒப்பிட்டால் போதும். சீட்டில் உள்ள பெயரின் முதல் எழுத்தில் ஒரு விரலையும், அட்டையில் உள்ள பெயரின் முதல் எழுத்தில் மறு கையின் விரலையும் வைத்து, எழுத்து எழுத்தாகக் கடைசி வரை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். முதல் மூன்று எழுத்துகள் ஒத்திருந்தால் நிறுத்திவிடக் கூடாது. கிளிமிபிரைடும் கிளிபென்கிளமைடும் ஆங்கிலத்தில் ஒரே மூன்று எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. இரண்டும் சர்க்கரையைக் குறைக்கும் மருந்துகளே. ஆனால் ஒன்றின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

இந்த ஒப்பிடுதல் வேறொரு பிழையையும் காட்டிக்கொடுக்கும். அரசு மருத்துவமனை கொடுத்த அட்டையும் கடையில் வாங்கிய அட்டையும் நிறத்தால் வேறுபடும். கடை அட்டையில் நிறுவனம் வைத்த பெயர் பெரிதாக இருக்கும். இரண்டும் வேறு மருந்து என்று எண்ணி இரண்டையும் சாப்பிடுவோர் உண்டு. நிறுவனப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த வகுப்பில் ஒருவருடைய மஞ்சப்பையில் ஒரு நீல அட்டையும் ஒரு வெள்ளி நிற அட்டையும் இருந்தன. விரல் வைத்து ஒப்பிட்டபோது இரண்டிலும் ஒரே பொதுப்பெயர் வந்தது, இரண்டும் மெட்ஃபார்மின். அதைக் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மற்றொரு மாணவி.

இரண்டாம் மாலை சீட்டை எடுத்தோம். கரும்பலகையில் 1-0-1 என்று எழுதினோம். ஒரு குரல் உடனே “நூத்தி ஒண்ணு” என்றது. யாரும் சிரிக்கவில்லை, ஏனெனில் பாதிப் பேர் அப்படித்தான் படித்திருந்தார்கள். எண்களைச் சேர்த்துப் படிப்பதற்கு வகுப்பு அவர்களைச் சென்ற வாரம்தான் பழக்கியிருந்தது. நாங்கள் அதற்கு நேர்மாறாகப் பிரித்துப் படிக்கச் சொல்கிறோம்.

மூன்று கொட்டாங்கச்சிகளைத் தரையில் வரிசையாக வைத்தோம். முதலாவது காலை, நடுவில் உள்ளது மதியம், கடைசியில் உள்ளது இரவு. மாத்திரைக்குப் பதிலாகப் புளியங்கொட்டை. உண்மையான மாத்திரையைப் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது. கைமறதியாக யாராவது வாயில் போட்டுவிடலாம். 1-0-1 என்றால் முதல் கொட்டாங்கச்சியில் ஒரு கொட்டை, நடுவில் எதுவும் இல்லை, கடைசியில் ஒரு கொட்டை. 0-0-1 என்றால் இரவில் மட்டும் ஒன்று. பல்லாங்குழி ஆடிப் பழகிய கைகளுக்கு இது சில நிமிடப் பாடம்.

கடினமாக இருந்தது பூஜ்ஜியம். “அங்க ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு எழுதணும்?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த இடம் காலியாக இருந்தால் கடைசி எண் எந்த வேளைக்கு உரியது என்று தெரியாது. வேளையைக் காத்து நிற்பதற்காகத்தான் பூஜ்ஜியம் உட்கார்ந்திருக்கிறது என்று விளக்கினோம். நடுக் கொட்டாங்கச்சியை எடுத்துவிட்டுக் காட்டியபோதுதான் அது விளங்கியது. எஞ்சியிருந்த இரண்டில் இரவு எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்துச் சாய்ந்த கோடு. அரை என்ற சொல்லை அறியாதவர் அங்கே யாரும் இல்லை. அரைப் படி, அரை லிட்டர், அரை நாள் கூலி எல்லாம் நாவில் இருக்கின்றன. 1/2 என்ற குறிதான் அவர்களுக்கு அந்நியம். ஒரு தாளை இரண்டாக மடித்துக் கிழித்து, மேலே உள்ள ஒன்று நமக்கு உரிய துண்டு, கீழே உள்ள இரண்டு மொத்தத் துண்டுகள் என்று காட்டினோம். ஆச்சி அந்தத் தாள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அரைன்னு எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் எங்கள் மீதான தீர்ப்பு என்றே கொள்கிறோம். ‘அரை’ என்று எழுத இரண்டு எழுத்துகள் போதும். ‘1/2’ என்று எழுத மூன்று குறிகள் வேண்டும். நாங்கள் எங்களுக்குப் பழகியதை எழுதினோம்; அவருக்குத் தெரிந்ததை எழுதவில்லை.

அரையைக் கற்பித்தால் அத்துடன் இன்னொன்றையும் கற்பித்தே ஆக வேண்டும். இல்லையேல் புதிய பிழை பிறக்கும். எல்லா மாத்திரைகளையும் உடைக்க முடியாது. நடுவில் கோடு கீறியிருக்கும் மாத்திரையை மட்டுமே, அதுவும் சீட்டில் அரை என்று இருந்தால் மட்டுமே உடைக்கலாம். பெயருக்குப் பின்னால் ‘எஸ்.ஆர்.’, ‘எக்ஸ்.ஆர்.’, ‘ஈ.ஆர்.’ என்ற எழுத்துகள் இருந்தால் அம்மாத்திரை மருந்தைப் பல மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாக வெளிவிடும்படி செய்யப்பட்டது. அதை இடித்தாலோ மென்றாலோ நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடக் கூடும். மெட்ஃபார்மினில் இந்த வகை மிகுதியாகப் புழங்குகிறது. பெரிய மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை என்று அம்மியில் வைத்து நசுக்குவோர் நம் ஊர்களில் உண்டு. விழுங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று வடிவம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்.

மூன்றாம் மாலை பாட்டிமார்களுக்கு உரியது. தாய் வேலைக்குப் போய்விட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுப்பவர் பாட்டிதான். இரண்டு பாராசிட்டமால் குப்பிகளை அவர்கள் முன் வைத்தோம். இரண்டிலும் ஒரே மருந்து. ஒன்று ஊட்டுமருந்து, அதன் மேல் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்று இருந்தது. மற்றொன்று கைக்குழந்தைக்கான சொட்டுமருந்து. அதன் மேல் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் என்று இருந்தது. எது வலிமை மிகுந்தது என்று கேட்டோம். எல்லோரும் 125ஐக் காட்டினார்கள். பெரிய எண் அல்லவா?

மறுபடியும் பாஸ் புத்தகத்துக்கே திரும்பினோம். 125 என்பது எவ்வளவுக்கு? ஐந்து மில்லிக்கு. 100 என்பது எவ்வளவுக்கு? ஒரே மில்லிக்கு. அப்படியானால் சொட்டுமருந்தில் ஐந்து மில்லி எடுத்தால் எவ்வளவு வரும்? ஐந்து நூறுகள், ஐந்நூறு. ஊட்டுமருந்து என்று நினைத்துச் சொட்டுமருந்தை ஐந்து மில்லி கொடுத்தால், குழந்தைக்கு நான்கு மடங்கு மருந்து போய்விடும். பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் கல்லீரல் கெடும். முதல் நாளில் வெளியே எதுவும் தெரியாமலும் இருக்கலாம். கணக்கைச் செய்து முடித்ததும் ஒரு பாட்டி இரண்டு குப்பிகளையும் எட்ட எட்டத் தள்ளி வைத்தார். அதுதான் நாங்கள் விரும்பிய விடை.

இதிலிருந்து எழும் விதி எளியது. ஒரு குப்பிக்குச் சொன்ன மில்லி அளவு அந்தக் குப்பிக்கு மட்டுமே. குப்பி மாறினால் அளவைத் திரும்பக் கேட்க வேண்டும். அளப்பதற்கு அந்தக் குப்பியுடன் வந்த மூடியையோ சொட்டுக்குழாயையோ பயன்படுத்த வேண்டும். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு.

இவ்வளவையும் கற்பித்த பிறகு, கற்றார்களா என்று எப்படி அறிவது? இங்கேதான் எங்கள் கருத்தில் வகுப்புகளும் மருத்துவமனைகளும் ஒரே இடத்தில் தவறுகின்றன. படிக்கச் சொல்லிக் கேட்கிறோம். சரியாகப் படித்தால் புரிந்துகொண்டார் என்று முடிவு செய்கிறோம். அமெரிக்காவில் மூன்று நகரங்களின் மருத்துவ நிலையங்களில் 395 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. ‘இரண்டு மாத்திரைகள், நாளைக்கு இரண்டு வேளை’ என்ற குறிப்பை, எழுத்தறிவு குறைந்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணிக் காட்டுங்கள் என்றபோது, நூற்றுக்கு முப்பத்தைந்து பேரால்தான் நான்கு மாத்திரைகளை எடுத்து வைக்க முடிந்தது. அவர்களுடைய தாய்மொழியில் எழுதிய குறிப்பிலேயே இந்த இடைவெளி என்றால், நம் சீட்டுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

வாய் படிப்பது ஒன்று. கை செய்வது மற்றொன்று. ஆகவே எங்கள் வகுப்பின் தேர்வில் எவரையும் படித்துக் காட்டச் சொல்லவில்லை. சீட்டைக் கையில் கொடுத்து, நாளைய தினத்துக்கான புளியங்கொட்டைகளைக் கொட்டாங்கச்சிகளில் வைக்கச் சொன்னோம். ஆச்சியின் முறை வந்தது. அவருடைய சீட்டில் அப்போது மூன்று மருந்துகள். கிளிமிபிரைடுக்கு உடைத்த பாதிக் கொட்டை ஒன்றைக் காலையில் வைத்தார். மெட்ஃபார்மினுக்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினுக்கு இரவில் ஒன்று. பிறகு பாதிக் கொட்டையை எடுத்துத் தட்டுக்கு முன்னால் வைத்தார்; உணவுக்கு முன்னதாம். அதை நாங்கள் கேட்கவே இல்லை.

“பாயசம் சாப்பிட்ட மறுநாள்?” என்று செவிலியர் கேட்டார்.

“அன்னைக்கும் அரைதான். கூட்டுறதும் குறைக்கிறதும் டாக்டர் வேலைல்லா” என்றார் ஆச்சி.

இந்த எல்லையைப் பிற வகுப்புகளும் தெளிவாகச் சொல்ல வேண்டும். சீட்டைப் படிக்கக் கற்பது சீட்டை மாற்றுவதற்கான உரிமை அன்று. இன்சுலின் போடுவோருக்கும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுவோருக்கும், வாரத்துக்கு ஒரே முறை சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து பெறுவோருக்கும் வகுப்புப் பாடம் போதாது. அவர்களுக்குத் தனித்தனியே உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். வாராந்திர மாத்திரையை நாள்தோறும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. அதனை 1-0-0 என்று எழுதும் பழக்கத்தை அறவே விட்டு, ‘வாரம் ஒரு நாள் மட்டும்’ என்று கிழமையின் பெயரோடு எழுத வேண்டும்.

மகனோ மருமகளோ எடுத்துக் கொடுத்தால் போதாதா, வயதானவர்களுக்கு எதற்கு இந்தப் பாடம் என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். மகன் திருப்பூரில் இருக்கிறான், மருமகள் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறாள், பேரனுக்குப் பள்ளி. மாத்திரை போடும் வேளையில் வீட்டில் இருப்பவர் நோயாளி மட்டுமே. யார் வீட்டில் இருக்கிறாரோ அவருக்குத்தான் சீட்டு புரிய வேண்டும்.

மருத்துவர்களுக்கு நேரம் இல்லை என்பது இன்னொரு மறுப்பு. கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவைப் பார்த்தவர்கள் நாங்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அரை என்று எழுத ஆகும் நேரத்தையும், 46 என்ற சர்க்கரை அளவோடு வரும் ஒருவரைத் தேற்ற ஆகும் நேரத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆகவே எங்கள் மருந்தகத்தில் இப்போது ஒவ்வொரு மருந்துக்கும் காலை, மதியம், இரவு என்று தமிழில் தலைப்பிட்ட மூன்று கட்டங்கள் உள்ள சீட்டைக் கொடுக்கிறோம். கட்டத்துக்குள் ‘அரை’, ‘ஒன்று’, ‘வேண்டாம்’ என்ற சொற்களே இருக்கும். ஒரு மில்லிகிராம் மாத்திரை இருப்பில் இருந்தால், இரண்டு மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைக்கச் சொல்வதில்லை. அட்டையின் நிறமோ நிறுவனமோ மாறினால் அதைச் சொல்லியே கொடுக்கிறோம். கொடுத்து முடித்ததும், “புரிஞ்சுதா?” என்று கேட்பதை விட்டுவிட்டோம். அந்தக் கேள்விக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். “நாளைக் காலையில் எதை எடுப்பீர்கள்? காட்டுங்கள்” என்று கேட்கிறோம். நாங்கள் சரியாகச் சொன்னோமா என்று பார்ப்பதற்காகவே கேட்கிறோம் என்றும் சேர்த்துச் சொல்கிறோம். நோயாளிக்கு அது தேர்வாகத் தோன்றக் கூடாது.

எழுத்தறிவு வகுப்பு நடத்தும் தன்னார்வலர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூறு வரை எண் கற்பித்த வாரத்திலேயே மாணவர்களின் மஞ்சப்பைகளை வகுப்புக்கு வரவழையுங்கள். அதைத் தள்ளிப் போடாதீர்கள். எண்ணைப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து அவர்கள் சீட்டையும் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஐயம் எழும் சீட்டை நீங்களே விளக்க முயலாமல், அருகிலுள்ள மருந்தாளுநரிடமோ சுகாதாரத் தன்னார்வலரிடமோ காட்டச் சொல்லுங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒன்று. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள்; பெயரும் தேதியும் அட்டையோடு போய்விடும். சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பெரியவர் திடீரென வியர்த்து, நடுங்கி, பேச்சுத் தடுமாறினால், விழுங்கும் நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். தெளிந்தவரையும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள். கிளிமிபிரைடு போன்ற மருந்தின் வேகம் பல மணி நேரம் நீடிப்பதால் சர்க்கரை மறுபடியும் இறங்கக் கூடும். வரும்போது அட்டையையும் சீட்டையும் எடுத்து வாருங்கள்.

பிழை செய்த பெரியவரிடமிருந்து சீட்டைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். ஆச்சியின் பேரன் அதைத்தான் செய்யப் பார்த்தான். இப்போது சீட்டு ஆச்சியின் சுருக்குப்பையில்தான் இருக்கிறது. பேரன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அட்டையில் எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது என்று எண்ணுகிறான். கிளிமிபிரைடு அட்டையில் வாரத்துக்கு மூன்றரை குறைந்திருந்தால் கணக்கு சரி.